வீட்ரான்ஸ்ஃபர் கைவிட்டுட்டு, இனி கல்யாண வீடியோவும் ஆல்பமும் எதுல அனுப்ப?

"அண்ணாச்சி, தென்காசி பக்கம் சின்ன ஸ்டுடியோ வச்சிருக்கேன். ஆல்பம் லேபுக்கு, சென்னைல இருக்க எடிட்டருக்கு, கல்யாணப் பார்ட்டிக்குன்னு எல்லாத்துக்கும் வீட்ரான்ஸ்ஃபர்லதான் அனுப்பிட்டு இருந்தேன். இப்ப ஃப்ரீல மாசத்துக்கு 3 ஜிபிதான்னு நிக்கி, லிங்க்கும் மூணு நாள்ல செத்துருது. துட்டு கட்டுறதுன்னா நம்ம ரேட்டுக்கு கட்டுப்படி ஆகாது. அதே மாதிரி வேற நல்ல சைட்டு எது?"

தம்பி, அதே மாதிரி ஒண்ணுன்னு தேடுனா ஏமாந்துதான் போவீங்க. நீங்க மூணு வேற வேற சோலிய ஒரே சைட்டுல தள்ளிட்டு இருந்திருக்கீங்க. லேபுக்குப் போறது ஒரு ஜிபி கூட வராது, எடிட்டருக்குப் போறது நூறு ஜிபிய தாண்டும், பார்ட்டிக்குப் போறது அளவு சின்னதா இருந்தாலும் அவங்களுக்கு போன்ல திறக்கத் தெரியணும். மூணுக்கும் தனித்தனியா மாத்து சொல்லுதேன், அதுக்கு முந்தி இந்த சைட்டுங்க எப்படி எப்படி போகும்னு தெரிஞ்சிக்கிடுங்க, அப்பதான் அடுத்ததை எப்படி எடுக்கணும்னு புரியும்.

வீட்ரான்ஸ்ஃபர் 2009ல ஆம்ஸ்டர்டாம்ல ஆரம்பிச்சது. ரொம்ப நாளா ஒரு தடவைக்கு 2 ஜிபி, ஏழு நாள் லிங்க், எத்தனை தடவை வேணாலும் அனுப்பலாம்னு இருந்துச்சு. 2020 மே மாசம், ஊரே லாக்டவுன்ல கிடந்தப்ப, தொலைத்தொடர்புத் துறை உத்தரவு போட்டு நம்ம நாட்டுல அதை அடைச்சாங்க, பாதுகாப்பு, பொது நலன்னு காரணம் சொன்னாங்க. அந்த நேரத்துல பாதிப் பேரு ஃபயர்ஃபாக்ஸ் சென்டுக்கு ஓடினாங்க. மொசில்லாக்காரன் நடத்துனது, நல்ல பூட்டு போட்டு அனுப்பும், ஃப்ரீதான். வைரஸ் அனுப்புற பயலுவ அதையே பிடிச்சிக்கிட்டதால 2020 ஜூலைல நிறுத்தி வச்சாங்க, செப்டம்பர்ல ஒரேயடியா மூடிட்டாங்க. அடைச்ச சைட்ட விட்டு ஓடுன ஆளு மூடுன சைட்டுல போய் நின்ன கதை. பொறவு வீட்ரான்ஸ்ஃபர் இங்க திறந்துச்சு, 2024ல பெண்டிங் ஸ்பூன்ஸ்னு ஒரு இத்தாலி கம்பெனி அதை வாங்குச்சு, அந்த வருஷக் கடைசில இருந்துதான் நீங்க சொல்லுத இந்த இறுக்கம்.

அதனால திறக்கலன்னா மொதல்ல அடைச்சிருக்கானா, செத்துருக்கா, நம்ம லைன்தான் மக்கர் பண்ணுதான்னு பாத்துக்கிடணும். வேற கம்பெனி சிம்மோட ஹாட்ஸ்பாட்ல போட்டுப் பாருங்க. அதுல திறந்தா உங்க நெட் கம்பெனி பக்கம்தான் பிரச்சனை, எதுலயும் திறக்கலன்னா சைட்டே படுத்திருக்கலாம் இல்ல மொத்தமா அடைச்சிருக்கலாம். வாங்குற ஆளையும் இதே மாதிரி பாக்கச் சொல்லுங்க, நம்ம பக்கம் அருமையா ஏறும், அவங்க ஆபீஸ் நெட்டுல திறக்காது, அதுவும் நடக்கும். விபிஎன் போட்டு பெரிய ஃபைல ஏத்தப் பாக்குறது கோட்டித்தனம், இருக்க வேகமும் போயிரும்.

சரி, சின்னதுல இருந்து வாரேன். ஆல்பம் லேப். 12க்கு 36 இன்ச் ஷீட்டு, 300 டிபிஐன்னா 3600க்கு 10800 பிக்சல், ஏறக்குறைய 39 மெகாபிக்சல். நல்ல குவாலிட்டி ஜேபெக்கா போட்டா ஒரு ஷீட்டு சாதாரணமா 15ல இருந்து 25 எம்பிக்குள்ள நிக்கும். நாப்பது ஷீட்டு ஆல்பம் ஒரு ஜிபிக்கு உள்ளயோ பக்கத்துலயோ முடிஞ்சிரும். இதுக்கு நான் சொல்லுதது ஸ்விஸ்ட்ரான்ஸ்ஃபர், `swisstransfer.com`. இன்ஃபோமேனியாக்னு ஒரு சுவிட்சர்லாந்து கம்பெனியோடது, ஒரு தடவைக்கு 50 ஜிபி வரைக்கும் ஃப்ரீ, அக்கவுண்ட்டே வேண்டாம், லிங்க் எத்தனை நாள் இருக்கணும்னு நாமளே எடுக்கலாம், 30 நாள் வரைக்கும் போகும், பாஸ்வேர்டும் போடலாம். நீங்க பழகுன மாதிரியேதான் இருக்கும். ஸ்மாஷ், ட்ரான்ஸ்ஃபர்நௌன்னு இன்னும் ரெண்டு இருக்கு, ஆனா ஸ்மாஷ்ல அளவுக்கு வரம்பு இல்லன்னு போட்டிருந்தாலும் ஃப்ரீ ஆளுக்கு 2 ஜிபிக்கு மேல போனா வரிசையில நிறுத்திருவான், ட்ரான்ஸ்ஃபர்நௌ ஃப்ரீல 5 ஜிபியோட முடிஞ்சிரும். எனக்கு ஸ்விஸ்ட்ரான்ஸ்ஃபரே போதும்.

அதுலயும் ஒரு குறை இருக்கு. ஏத்துறது எல்லாம் பிரவுசர் டேப்புக்குள்ளதான் நடக்கு. டேப்ப மூடுனாலோ, கம்ப்யூட்டர் தூங்கப் போனாலோ, நெட்டு கொஞ்ச நேரம் சேர்ந்தாப்ல போனாலோ மொதல்ல இருந்து ஏத்த வேண்டி வரும். ஒரு ஜிபிக்கு இது ஒண்ணும் பெரிசில்ல. உங்க ஊர்ல சாரல் நேரத்துல காத்தடிச்சா கரண்ட்டு வந்து வந்து போகும்ல, அப்ப முப்பது ஜிபிய ஏத்திட்டு உக்காந்திருந்தீங்கன்னா விடிஞ்சிரும். ரூட்டருக்கும் ஃபைபர் டப்பாக்கும் ஒரு சின்ன யூபிஎஸ் வாங்கிப் போட்டுருங்க, கம்ப்யூட்டருக்கு மட்டும் யூபிஎஸ் வச்சு பிரயோஜனம் இல்ல. அப்புறம் ஷீட்ட எல்லாம் ஜிப் பண்ணும்போது அமுக்கணும்னு நினைக்காதீங்க, ஜேபெக்கும் எம்பி4ம் ஏற்கெனவே அமுக்குனதுதான், செவன்ஜிப்ல `Store`னு போட்டு கட்டுனா நிமிஷத்துல முடிஞ்சிரும், சைஸும் அதேதான் வரும்.

இப்ப பெரிய சோலி, எடிட்டர். இதைத்தான் நல்லா கணக்குப் போட்டுப் பாக்கணும், சைட்டப் பாக்கக் கூடாது. ரெண்டு கேமரா, ஒவ்வொண்ணுலயும் மூணு மணி நேரம், ஃபுல் எச்டில 50 எம்பிபிஎஸ்ல எடுத்திருக்கீங்கன்னு வைங்க. அது மணிக்கு 22.5 ஜிபி, ஆறு மணி நேரத்துக்கு 135 ஜிபி. உங்க பிளான்ல 100ன்னு போட்டிருந்தா அது பாதி எடத்துல இறக்குற வேகம்தான், ஸ்பீடு டெஸ்ட்ல அப்லோடுன்னு வருத நம்பரப் பாருங்க. 30 வருதுன்னு வச்சிக்கிட்டா ஒரு ஜிபி ஏற நாலரை நிமிஷம், 135 ஜிபி ஏற பத்து மணி நேரம், அதுவும் ஒரு தடங்கலும் இல்லாம. பொறவு எடிட்டர் இறக்கணும், அது தனி. முகூர்த்த மாசத்துல வாரத்துக்கு ரெண்டு கல்யாணம் இருந்தா உங்க லைன் வேற எதுக்கும் ஆகாது.

இதுக்கு ரெண்டு வழிதான். ஒண்ணு, ஒரிஜினல அனுப்பாம ப்ராக்ஸி அனுப்புறது. அதே கிளிப்ப அதே பேர்ல, அதே 1920க்கு 1080 அளவுல, ஆனா 5 எம்பிபிஎஸ்ல மாத்தி அனுப்புதோம், மணிக்கு 2.25 ஜிபி, மொத்தம் 13.5 ஜிபி, உங்க லைன்ல ஒரு மணி நேரம். எடிட்டர் அதுல கட் பண்ணி ப்ராஜெக்ட் ஃபைல மட்டும் திருப்பி அனுப்புவாரு, அது சில எம்பிதான். நீங்க உங்க கம்ப்யூட்டர்ல திறந்து, ப்ரீமியர்லன்னா மீடியாவ ஒரிஜினல் ஃபோல்டரோட திரும்ப இணைச்சு, கலர் பாத்து ரெண்டர் போடுதீங்க. எஃப்எஃப்எம்பெக்னு வீடியோவ மாத்துத ஃப்ரீ சாஃப்ட்வேர் இருந்தா கிளிப் இருக்க ஃபோல்டர்ல `proxy`ன்னு ஒரு ஃபோல்டர் போட்டுட்டு, விண்டோஸ் கமாண்ட் ப்ராம்ட்ல இதை அடிங்க, மொத்தத்தையும் மாத்திரும்:

```
for %f in (*.MP4) do ffmpeg -i "%f" -c:v libx264 -pix_fmt yuv420p -b:v 5M -preset fast -c:a aac -b:a 192k "proxy\%f"
```

இதுல மாட்டிக்கிடுத எடம் சொல்லுதேன். ரெண்டு கேமராவும் ஒரே கம்பெனின்னா ரெண்டுலயும் C0001ன்னு ஒரு கிளிப் இருக்கும். ப்ராக்ஸி போடுததுக்கு முந்தியே ஒரிஜினலுக்கு A_C0001, B_C0001ன்னு பேர மாத்திருங்க, இல்லன்னா திரும்ப இணைக்கும்போது மாப்பிள்ளை தாலி கட்டுத கட்டுல பந்தி ஓடும். அளவ 1280க்கு 720ன்னு குறைச்சா இன்னும் சின்னதாகும்னு தோணும், ஆனா எடிட்டர் ஜூம் பண்ணி வச்ச இடமெல்லாம் ஒரிஜினல மாட்டுனதும் அளவு மாறி நிக்கும், அதான் அளவ தொடாம பிட்ரேட்ட மட்டும் குறைக்கச் சொன்னேன். எடிட்டரோட ப்ரீமியர் உங்களுத விட புதுசா இருந்தா ப்ராஜெக்ட் உங்ககிட்ட திறக்கவே திறக்காது, அவரு போட்ட எஃபெக்ட் பிளகின், டைட்டில் ஃபாண்ட் எல்லாம் உங்ககிட்டயும் இருக்கணும். இதை மொத கல்யாணத்துக்கு முந்தியே ரெண்டு கிளிப்ப வச்சு ஒரு தடவை போய் வந்து பாத்துருங்க.

அந்த 13.5 ஜிபிய ஸ்விஸ்ட்ரான்ஸ்ஃபர்லயே அனுப்பலாம்தான், ஆனா மாசாமாசம் ஒரே எடிட்டர்தான்னா நான் சின்க்திங் போடச் சொல்லுவேன். இது சைட்டு இல்ல, ரெண்டு பேரு கம்ப்யூட்டர்லயும் போட்டுக்கிடுத ஃப்ரீ சாஃப்ட்வேர். உங்க மெஷினோட ஐடிய அவருக்கும் அவரோடத உங்களுக்கும் சேர்த்தா, உங்க ஃபோல்டர்ல போட்டது அவரு ஃபோல்டர்ல போய் விழும். நடுவுல ஃபைல வச்சிருக்க கம்பெனி கிடையாது, அதனால மூடுறதுக்கும் ரேட்ட ஏத்துறதுக்கும் ஆள் இல்ல. ஃபைல துண்டு துண்டா அனுப்புறதால கரண்ட்டு போனாலும் விட்ட இடத்துல இருந்து தொடங்கும். ரெண்டு கம்ப்யூட்டரும் ஒரே நேரத்துல ஓடிட்டு இருக்கணும், அவ்வளவுதான், ராத்திரி போட்டு விட்டுட்டு தூங்கப் போங்க.

இதுல ரெண்டு விஷயத்துல கவனம். ஒரு பக்கம் அழிச்சா மறுபக்கமும் அழிஞ்சிரும், அதுதான் இதோட வேலையே. ஆகவே உங்க பக்கம் அந்த ஃபோல்டர `Send Only`ன்னும் அவரு பக்கம் `Receive Only`ன்னும் வச்சிருங்க, அப்ப அவரு எதையாவது அழிச்சாலும் உங்களுது தப்பிச்சிரும். நீங்க அழிச்சா அவருகிட்ட போயிரும், அது வேணும்னா வச்சிக்கிடுங்க. இதை பேக்கப்புன்னு மட்டும் நினைச்சிராதீங்க. இன்னொண்ணு, வேகம் பைய போனா எதிர் மெஷினோட பேர தொட்டுப் பாத்தா என்ன கனெக்ஷன்னு காட்டும். `TCP WAN` இல்ல `QUIC WAN`ன்னு இருந்தா நேரடியா போகுதுன்னு அர்த்தம். `Relay WAN`ன்னு இருந்தா நேர் வழி கிடைக்காம யாரோ ஒரு தன்னார்வலர் மெஷின் வழியா சுத்திப் போகுது, பூட்டு போட்டுத்தான் போகுது, பயமில்ல, ஆனா வேகம் வராது. நம்ம ஃபைபர் கம்பெனிங்க நிறைய பேரு ஒரே ஐபிய பல வீட்டுக்குப் பங்கு போட்டுக் கொடுக்குறதால இது வரும். ரெண்டு பக்கமும் ரூட்டர்ல ஐபிவி6 ஓடுதான்னு பாருங்க, ஓடுச்சுன்னா பெரும்பாலும் நேரடியா பிடிச்சிரும்.

ரெண்டாவது வழி ஹார்ட் டிஸ்க்கு. சிரிக்காதீங்க. எடிட்டர் "எனக்கு ஒரிஜினல்தான் வேணும், கலர் நான்தான் பாப்பேன்"னு சொன்னாருன்னா 135 ஜிபிக்கு இதுதான் தோதான வழி. தென்காசில இருந்தும் திருநெல்வேலி புது பஸ் ஸ்டாண்ட் பக்கமிருந்தும் சாயங்காலம் கிளம்புத ஆம்னி பஸ்ல பார்சல் போட்டா காலைல சென்னைல இருக்கும், உங்க லைன்ல ஏத்துத அந்த பத்து மணி நேரமும் அந்த ஒரு ராத்திரியும் ஒண்ணுதான், ஃபோர் கேல 100 எம்பிபிஎஸ் ஷூட்டுன்னா பஸ்ஸு ரெண்டு மடங்கு ஜெயிக்கும். சுத்துற டிஸ்க்க விட எஸ்எஸ்டி அனுப்புங்க, பஸ்ல தூக்கிப் போடுத அடிக்கு அதுதான் தாங்கும். எடிட்டர் மேக் வச்சிருந்தா எக்ஸ்ஃபேட்ல ஃபார்மேட் பண்ணுங்க, என்டிஎஃப்எஸ்ஸ மேக் படிக்கும், எழுதாது. அவரு வேலைய முடிச்சு அதே டிஸ்க்குல திருப்பி எழுதணும்ல. உங்ககிட்ட இன்னொரு காப்பி இருக்கும்போதுதான் டிஸ்க்கு கடைய விட்டு வெளிய போகணும், கேமரா கார்டையும் அதுவரைக்கும் ஃபார்மேட் போடாதீங்க.

எதுல அனுப்புனாலும் போய்ச் சேர்ந்தது முழுசா இருக்கான்னு பாக்க ஒரு வழி இருக்கு, "ஃபைல் திறக்கலண்ணே"ன்னு போன் வந்தா மொதல்ல இதைத்தான் பண்ணணும். ரெண்டு பேரும் அவங்கவங்க கம்ப்யூட்டர்ல அடிச்சு வருத நீள எழுத்த ஒப்பிட்டுப் பாருங்க, மேக்ல `shasum -a 256 album.zip`, விண்டோஸ்ல இது:

```
certutil -hashfile album.zip SHA256
```

ஒண்ணா இருந்தா அனுப்புனதுல கோளாறு இல்ல, அதே ஃபைல் உங்ககிட்ட திறக்குதுன்னா அவரு பக்கம்தான் கோளாறு. வேற வேறயா இருந்தா திரும்ப அனுப்பணும். பெரிய ஃபைல செவன்ஜிப்ல நாலு நாலு ஜிபியா உடைச்சு அனுப்புனா கெட்ட துண்ட மட்டும் அனுப்புனா போதும், அதுக்காகத்தான் உடைக்கச் சொல்லுதது.

கடைசியா கல்யாணப் பார்ட்டி. இவங்களுக்கு ஜிப்பு அனுப்புனீங்கன்னா தொலைஞ்சீங்க, பொண்ணோட சித்தப்பா துபாய்ல இருந்து போன்ல திறக்கப் பாத்துட்டு உங்கள கூப்பிட்டுட்டே இருப்பாரு. இங்க கூகுள் டிரைவ்தான், ஏன்னா எல்லார் போன்லயும் இருக்கு, ஒவ்வொரு படமா பாக்கலாம். 15 ஜிபி ஃப்ரீ, அது ஜிமெயிலு, போட்டோஸு எல்லாத்துக்கும் சேர்த்துதான், நிறைஞ்சா மெயில் வருததே நின்னுரும். அதனால கடை மெயில்ல போடாதீங்க, டெலிவரிக்குன்னு தனி அக்கவுண்ட் ஒண்ணு வைங்க. நான் போட்டப்ப 100 ஜிபிக்கு மாசம் 130 ரூபாய், வருஷமா கட்டுனா இன்னும் கொறையும், நம்ம சோலிக்கு துட்டு கட்டுனா இதுக்குத்தான் கட்டணும்னு நான் சொல்லுவேன். பழைய கல்யாணத்த அழிச்சா குப்பைத் தொட்டியையும் காலி பண்ணுங்க, இல்லன்னா 30 நாளைக்கு அதுவும் இடத்த அடைச்சிக்கிட்டுதான் கிடக்கும்.

கம்ப்யூட்டர்ல ஃபோல்டர மொத்தமா இறக்குனா டிரைவே அதை ரெண்டு ரெண்டு ஜிபி மாதிரி நாலஞ்சு ஜிப்பா பிரிச்சுக் கொடுக்கும், பார்ட்டி ஒண்ண மட்டும் திறந்து பாத்துட்டு "பாதிப் படத்தக் காணோமே"ன்னு சண்டைக்கு வருவாங்க. லிங்க் அனுப்பும்போதே "எல்லா ஜிப்பும் இறங்குற வரைக்கும் பொறுங்க, ஒரே இடத்துல பிரிங்க"ன்னு எழுதிருங்க. இன்னொரு விஷயம், கல்யாண வீடியோ லிங்க் சொந்தக்கார குரூப்பு பூரா சுத்தி ஒரே நாள்ல ரொம்பப் பேரு இறக்குனா அந்த ஃபைலுக்கு வரம்பு தாண்டிட்டுன்னு சொல்லி ஒரு நாள் மாதிரி அடைச்சிரும். அழிஞ்சிட்டுன்னு பதறாதீங்க. முழு வீடியோவ யூட்யூப்ல அன்லிஸ்டட்டா ஏத்தி அந்த லிங்க்க குரூப்புக்குக் கொடுங்க, பாக்குற ஆளுக்கு அது போதும், டிரைவ் லிங்க் மாப்பிள்ளை வீட்டுக்கும் பொண்ணு வீட்டுக்கும் மட்டும். பாட்டு சேர்த்திருந்தா யூட்யூப்ல காப்பிரைட் அடையாளம் விழும், சில பாட்டுக்கு வீடியோவே ஓடாது, அதை ஏத்துன உடனே பாத்துக்கிடுங்க.

வாட்ஸ்அப்பு, டெலிகிராம்ல ஏன் அனுப்பக் கூடாதுன்னு கேப்பீங்க. ரெண்டுலயும் ஒரு ஃபைல் 2 ஜிபி வரைக்கும் போகும், டாக்குமெண்ட்டா, ஃபைலா அனுப்புனா அமுக்காது. ஆனா யாராவது பழக்கத்துல போட்டோவா அனுப்பிட்டாங்கன்னா அமுங்கிப் போகும், அதை லேபுக்குத் தள்ளிவிட்டா ஷீட்டுல மூஞ்சி மெழுகு மாதிரி வரும். லேபுக்குப் போற எதையும் இதுல வாங்காதீங்க, அனுப்பாதீங்க, அவசரத்துக்கு ப்ரூஃப் காட்ட மட்டும் வச்சிக்கிடுங்க.

ஸ்பீடு டெஸ்ட்ல அப்லோடு எவ்வளவு வருது, எடிட்டர் எந்த ப்ரீமியர்ல இருக்காரு, ஷூட்டு ஃபுல் எச்டியா ஃபோர் கேயா, இந்த மூணையும் போடுங்க தம்பி, ப்ராக்ஸியா பஸ்ஸான்னு உங்க கணக்க நானே போட்டுத் தாரேன்.